காம்போ விலையில் உதைத்த ஒரு பைசா

கிருஷ்ணகிரியில் எங்கள் கடையில் 180 ரூபாய் மாம்பழக்கூழ் டின் ஒன்றும், தலா 110 ரூபாய் ஊறுகாய் பாட்டில் இரண்டும் சேர்த்து 349 ரூபாய்க்கு காம்போ. ஊறுகாய் ஒன்று திரும்பி வந்தால் பில்லிங் மென்பொருள் முழு 110-ஐயும் கொடுத்தது. தள்ளுபடி 51 ரூபாயும் கூழ் தலையிலேயே விழுந்து, ரிப்போர்ட்டில் அது அடக்க விலைக்குக் கீழே விற்றதாகக் காட்டியது.

மூன்றுக்கும் சமமாகப் பிரித்துப் பார்த்தேன். ஆளுக்கு 116.33 வந்தது, ஊறுகாய் தன் சொந்த விலையையே தாண்டிவிட்டது.

அப்புறம் தனி விலை விகிதத்தில் பிரித்தேன்: கூழுக்கு 157.05, ஊறுகாய் இரண்டுக்கும் 191.95. சரியாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு ஊறுகாயும் தனித்தனியாகத் திரும்பிய நாளில் மட்டும் ஒரு பைசா உதைத்தது. பாதி 95.975, இரண்டு தடவையும் அது 95.98 ஆகியிருந்தது. ஊறுகாயை இரண்டு வரியாக்கி, முதலுக்கு 95.98, மீதி 95.97-ஐக் கடைசிக்கு வைத்தேன். ரிட்டர்ன் இப்போது பில்லில் பதிந்த அந்த வரித் தொகையையே எடுக்கிறது, புதிதாக வகுப்பதில்லை. கணக்கு டேலி ஆகிறது, பெரிய நிம்மதி.