பயாஸ் அப்டேட்டுக்குப் பின் நீலத் திரை ரெக்கவரி கீ கேட்டால் செய்யக் கூடாதவை

பயாஸில் ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றிவிட்டு லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்கிறீர்கள். விண்டோஸ் வருவதற்குப் பதில் நீலத் திரையில், டிஸ்க்கை மறையாக்கம் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கிறது. வைரஸோ, டிஸ்க் பழுதோ என்று பதற வேண்டியதில்லை. பெரும்பாலும் பூட்டு தன் வேலையைச் செய்திருக்கிறது, அவ்வளவுதான்.

டிஸ்க்கைத் திறக்கும் சாவியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சிப் வைத்திருக்கிறது. கணினி எழும்போது, நம்பகமான மென்பொருளை மட்டும் தொடங்க விடும் செக்யூர் பூட்டின் நிலை போன்றவற்றை பயாஸ் அளந்து அந்தச் சிப்பில் பதிவு செய்யும். பிட்லாக்கரை இயக்கியபோது இருந்த அளவும் இன்றைய அளவும் ஒத்துப்போனால்தான் சாவி வெளியே வரும். மாற்றியது நீங்களா திருடனா என்பது சிப்புக்குத் தெரியாது.

உதாரணமாக, வேறொரு இயங்குதளத்தை நிறுவிப் பார்க்க செக்யூர் பூட்டை அணைத்தீர்கள், உடனே கீ கேட்டது என்று வையுங்கள். பயாஸுக்குள் போய் அதைத் திரும்ப இயக்கினால் அளவு பழையபடி பொருந்தி, பெரும்பாலும் கீ இல்லாமலே விண்டோஸ் திறந்துவிடும். இதைச் செய்து பார்க்காமல் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுவதுதான் பெரிய தவறு. கோப்புகள் எல்லாம் போய்விடும்.

அதைவிட மோசமானது டிபிஎம்மை ‘கிளியர்’ செய்வது. உள்ளே இருந்த சாவியே அழிந்துவிடுவதால், அப்புறம் செட்டிங்கைப் பழையபடி வைத்தும் பயனில்லை. சில ஏஎம்டி மதர்போர்டுகளில் பயாஸ் அப்டேட் முடிந்ததும், பிராசஸருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம்மான fTPM-ஐ ரீசெட் செய்யவா என்று கேட்டு Y அல்லது N அழுத்தச் சொல்லும். ரெக்கவரி கீ கையில் இல்லாமல் அங்கே Y அழுத்தாதீர்கள்.

அப்டேட்டுக்கு முன்பே பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்தால் இந்தத் தொல்லையே வராது. சிலர் அதை முழுவதும் அணைத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டிஸ்க் முழுக்க மறைநீக்கம் ஆகும், வீண் நேரம். அட்மின் உரிமையுடன் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறந்து இதைக் கொடுத்தால் போதும்:

```
manage-bde -protectors -disable C: -RebootCount 0
```

0 என்று கொடுத்தால் எத்தனை முறை ரீஸ்டார்ட் ஆனாலும் நிறுத்தம் தொடரும். அதுவரை சாவி டிஸ்க்கிலேயே திறந்து கிடக்கும் என்பதால், வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப இயக்குங்கள். புதிய அளவுகளோடு சாவி மறுபடி பூட்டப்படும்:

```
manage-bde -protectors -enable C:
```

சரி, கீயை எங்கே தேடுவது? மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைத்த கணினி என்றால், வேறொரு கருவியில் aka.ms/myrecoverykey திறந்து பாருங்கள். பல கீகள் இருந்தால் நீலத் திரையில் தெரியும் கீ ஐடியோடு பொருந்துவதை எடுங்கள். அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவிடம் இருக்கலாம். எங்குமே கீ இல்லை, டிபிஎம்மும் அழிந்துவிட்டது என்றால், மைக்ரோசாஃப்ட்டாலும் அதை மீட்டுத் தர முடியாது.