கும்பேகாணம் எங்கிருந்து வருகிறது: ஊர்ப்பெயர்களை ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில் நேரும் தவறுகள்

காவிரிப் படுகையின் பழைய நிலப் பட்டியல்களையும் கோயில் திருப்பணி மலர்களையும் ஸ்கேன் செய்து ஓ.சி.ஆர். மூலம் எழுத்தாக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியைத்தான் பிடிக்கிறார்கள். சரியான ஊர்ப்பெயர்களின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள். பொருந்தாத பெயருக்கு அதில் மிக நெருக்கமாக உள்ள பெயரைப் போட்டுவிடுவார்கள். பட்டியல் வைத்துக்கொள்வது சரி, நெருக்கத்தை அளக்கும் முறையில்தான் கோளாறு.

கும்பகோணத்தையே எடுத்துக்கொள்வோம். அச்சில் 'கோ' என்பது இரட்டைக்கொம்பு, க, கால் என்று இடமிருந்து வலமாக நிற்கிறது. கணினியிலோ முதலில் க வரவேண்டும், அதற்குப் பிறகுதான் குறி. மென்பொருள் கண்ட வரிசையிலேயே எழுதிவிட்டால் கொம்பு முந்தைய எழுத்தான ப-வில் ஒட்டிக்கொண்டு 'கும்பேகாணம்' ஆகிவிடும். பே, கா இரண்டுமே முறையான எழுத்துகள் என்பதால் எழுத்துப்பிழையைத் தேடும் எந்த எளிய சோதனையும் இதைப் பிடிக்காது.

கொரடாச்சேரியில் சிக்கல் வேறு. பல அச்செழுத்துகளில் காலும் ரகரமும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். இந்தப் பெயரிலோ 'கொ'வின் காலுக்கு அடுத்தே ர நிற்கிறது. அதனால் 'கெரரடாச்சேரி' என்றும் 'கொாடாச்சேரி' என்றும் வரும். இரண்டாவதில் ஒரு குறியின் மேல் இன்னொரு குறி ஏறியிருக்கிறது. க, ர போன்ற எழுத்து அல்லாத எதன் பின்னாலும் உயிர்க்குறியோ புள்ளியோ வரக்கூடாது என்ற ஒற்றை விதியே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். முதலாவது அந்த விதிக்குள் சிக்காது.

இனி, எத்தனை குறியீடுகள் மாறியிருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். 'கெரரடாச்சேரி'யைச் சரியாக்க இரண்டு மாற்றங்கள் போதும். ஆனால் வெட்டாற்றை வெண்ணாறாக்கவும் இரண்டே மாற்றங்கள்தான், அவையோ தஞ்சைப் பகுதியில் ஓடும் இரு வேறு ஆறுகள். பிழையையும் நிஜமான வேறுபாட்டையும் ஒரே எண்ணாகக் காட்டும் அளவுகோலை நம்பித் தானாகத் திருத்த விடக்கூடாது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுகிறது. வெறும் பிழை கண்ணில் படும். வெட்டாறு வெண்ணாறாக மாறிவிட்டால் பிறகு யாருக்கும் சந்தேகமே வராது.

எண்ணுவதற்குப் பதிலாக, எழுத்து எப்படி உடைந்ததோ அதே வழியில் பட்டியலையும் உடைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு சரியான பெயரையும் அச்சு வரிசைக்கு மாற்றி, காலை ரகரமாக்கி, ஒப்பிடுவதற்கென்று ஒரு சாவி தயார் செய்யுங்கள்:

```python
import re, unicodedata

def saavi(s, maatru=True):
    s = unicodedata.normalize("NFD", s)
    if maatru:
        s = re.sub("([\u0B95-\u0BB9])([\u0BC6-\u0BC8])", r"\2\1", s)
    return s.replace("\u0BBE", "\u0BB0").replace("\u0BD7", "\u0BB3")
```

பட்டியலுக்கு எப்போதும் `saavi(s)`. ஓ.சி.ஆர். தந்த பெயரை `maatru`வில் `True`, `False` என இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறிய 'கும்பேகாணம்' `False`இல் கும்பகோணத்தின் சாவியோடு பொருந்தும். 'கெரரடாச்சேரி' `True`இல் கொரடாச்சேரியோடு பொருந்தும். வெட்டாறும் வெண்ணாறும் எந்த வழியிலும் ஒன்றாகாது. ஒரே ஒரு பெயர் பொருந்தினால் மட்டும் திருத்தத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டு பொருந்தினாலோ ஒன்றுமே பொருந்தாவிட்டாலோ ஸ்கேன் படத்தைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

யூனிகோடின் `NFC` சீராக்கத்தைச் செய்துவிட்டால் பிளவெல்லாம் சேர்ந்துவிடும் என்று நினைப்பதும் பரவலான தவறு. ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக இருந்தால் அது 'ொ' ஆக்கிவிடும், உண்மைதான். 'கூத்தாநல்லுார்' என்பதில் உகரக்குறியும் காலும் தனித்தனியாக நிற்கின்றன. இவ்விரண்டும் சேர்ந்து 'ூ' ஆகும் என்ற விதி யூனிகோடில் இல்லை. பல எழுத்துருக்களில் இது 'கூத்தாநல்லூர்' போலவே தெரியும், தேடினால் மட்டும் கிடைக்காது. இந்த ஜோடியைத் தனியாகத்தான் மாற்றவேண்டும், அதுவும் சாவி தயாரிப்பதற்கு முன்பே.

வேற்றுமை உருபையும் மறக்காதீர்கள். உரைநடைப் பக்கங்களில் ஊர்ப்பெயர் 'கும்பகோணத்தில்', 'கும்பகோணத்திலிருந்து' என்றுதான் பெரும்பாலும் வரும். முழுச் சொல்லாக ஒப்பிட்டால் சரியான பெயர்கூடப் பிழைப் பட்டியலில் போய் விழும். 'ம்' நீக்கிய 'கும்பகோண' என்ற வடிவத்தையும் சேர்த்துக்கொண்டு, சொல்லின் தொடக்கத்தை மட்டும் ஒப்பிடவேண்டும்.

பட்டியலும் ஆவணத்தின் காலத்துக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். மயிலாடுதுறை என்று மட்டும் வைத்திருந்தால் பழைய அச்சில் வரும் 'மாயூரம்', 'மாயவரம்' இரண்டும் பிழையாகத் தெரியும். நாச்சியார்கோயில் 'கோவில்' என்றும் அச்சாகியிருக்கும். இவை அந்தக் காலத்து எழுத்துவழக்குகள், திருத்தக்கூடாதவை. எழுத்துச் சீர்திருத்தம் வந்த 1978க்கு முந்தைய அச்சு என்றால் மன்னார்குடியின் 'னா', வெண்ணாற்றின் 'ணா' எல்லாம் பழைய சுழி வடிவத்தில் இருக்கும். அந்த எழுத்துகளில் கால் என்ற தனி உருவமே கிடையாது, அதனால் மேலே சொன்ன சாவி உதவாது. ஓ.சி.ஆர். அந்தச் சுழிகளை என்னவாக வாசிக்கிறது என்று நாலைந்து பக்கங்களைக் கண்ணால் பார்த்துத் தனி மாற்று அட்டவணை எழுதிக்கொள்ளவேண்டும்.

எதைத் திருத்தினாலும் ஓ.சி.ஆர். தந்த முதல் வடிவத்தைப் பக்க எண்ணோடு திருத்திய பெயருக்குப் பக்கத்தில் அப்படியே வைத்திருங்கள்.