ஸ்பானிஷில் 'கிராந்தே' எப்போது 'கிரான்' ஆகும்?

நல்ல புத்தகம் என்பதற்கு ஸ்பானிஷில் 'புவென் லிப்ரோ' என்றும் 'லிப்ரோ புவேனோ' என்றும் சொல்லலாம். ஆண்பால் ஒருமைப் பெயருக்கு முன்னால் வந்தால் மட்டும் 'புவேனோ' தன் கடைசி 'ஓ'வை இழக்கும். 'பிரிமேரோ'வும் அப்படியே: முதல் நாள் 'பிரிமேர் தியா'. ஆனால் முதல் இரவு 'பிரிமேரா நோச்சே', ஏனென்றால் 'நோச்சே' பெண்பால். பன்மையிலும் குறையாது: 'பிரிமேரோஸ் தியாஸ்'.

பலரும் தடுமாறுவது 'பெரிய' என்று பொருள்படும் 'கிராந்தே'யில்தான். இது ஒருமையில் பெண்பாலுக்கு முன்பும் 'கிரான்' ஆகிவிடும். அப்புறம், பொருளும் மாறும். 'முஹேர் கிராந்தே' என்றால் உருவத்தில் பெரிய பெண். சில நாடுகளில் வயதானவர். 'கிரான் முஹேர்' என்றால் மகத்தான பெண். யாரையாவது பாராட்டும்போது இடம் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.