இன்ஸ்டாகிராமில் கொலாப் போஸ்ட்: ஒரே பதிவு, இரண்டு புரொஃபைல்

ஒரு கேக் கடைக்காரரும் ஒரு போட்டோகிராஃபரும் சேர்ந்து ஒரு ரீல் எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 1,200 ஃபாலோயர்கள், போட்டோகிராஃபருக்கு 9,000. இருவரும் தனித்தனியாகப் போட்டால் லைக்கும் கமென்ட்டும் இரண்டு இடத்தில் சிதறும். கொலாப் போஸ்ட்டாகப் போட்டால் எல்லாம் ஒரே இடத்தில் சேரும்.

போடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: யார் கணக்கிலிருந்து பதிவிடுவது? இரண்டு பெயர்கள் தெரிந்தாலும் உரிமை சமமாக இல்லை. கேப்ஷனைத் திருத்துவதும் பதிவை அழிப்பதும் முதலில் போட்டவர் கையில்தான். அவர் அழித்தால் இரண்டு புரொஃபைலிலிருந்தும் போய்விடும், லைக்குகளோடு சேர்த்து. அதனால் அந்த ரீல் யாருக்கு நெடுநாள் தேவையோ அவரே போடட்டும். இங்கே அது கேக் கடை.

1. ரீலைத் தேர்ந்தெடுத்து, கேப்ஷன் எழுதும் திரைக்கு வாருங்கள்.

2. `Tag people` என்பதைத் தொட்டு, அதற்குள் `Invite collaborators` என்பதைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். சும்மா டேக் செய்து விட்டுவிட்டால் அந்த ரீல் போட்டோகிராஃபரின் கிரிடில் வராது. டேக் செய்த பதிவுகளுக்கான தனிப் பகுதியில்தான் கிடக்கும்.

3. அவருடைய கணக்கைத் தேடிச் சேர்த்துவிட்டுப் பதிவிடுங்கள்.

4. போட்டோகிராஃபருக்கு ஓர் அழைப்பு போகும். அவர் ஏற்கும் வரை ரீல் கடையின் புரொஃபைலில் மட்டும் இருக்கும். அழைப்பு கண்ணில் படாமல் போவது சகஜம், அதனால் ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள்.

ஏற்றாரா என்று எப்படித் தெரியும்? பதிவின் மேலே இரண்டு பெயர்களும் சேர்ந்து வந்திருக்கும். அவருடைய கிரிடிலும் ரீல் இருக்கும். அப்புறம் அவருக்கு மனம் மாறினால் தன் பெயரை விலக்கிக்கொள்ளலாம். அப்போது பதிவு கடையின் பக்கத்தில் தொடரும்.

இனி எண்களுக்கு வருவோம். ரீலுக்கு 640 லைக் என்றால், இரண்டு புரொஃபைலில் பார்த்தாலும் அதே 640தான் காட்டும். கடை பக்கம் வந்தவர் போட்ட லைக்கும் போட்டோகிராஃபர் பக்கம் வந்தவர் போட்ட லைக்கும் அதற்குள் சேர்ந்தே இருக்கின்றன. கமென்ட்டும் பார்வைகளும் அப்படியே. பதிவு எத்தனை பேரைச் சென்றடைந்தது போன்ற விவரங்களைக் காட்டும் இன்சைட்ஸையும் இருவரும் பார்க்கலாம்.

எனவே கணக்கு ஒப்பிக்கும்போது கவனம் தேவை. ரீல் 5,000 பேரைச் சென்றடைந்ததாக இன்சைட்ஸ் காட்டினால், "என் பக்கம் 5,000, உங்கள் பக்கம் 5,000, மொத்தம் 10,000" என்று கூட்டக் கூடாது. மொத்தமே அந்த 5,000தான். அதேபோல, போட்டோகிராஃபரின் ஃபாலோயர்கள் கிடைத்ததால் வந்த 640 லைக்கை, கடை தனியாகப் போட்ட பழைய ரீலோடு ஒப்பிட்டு "நம் கணக்கு வளர்ந்துவிட்டது" என்று நினைப்பதும் சரியில்லை. கடைக்கு உண்மையில் என்ன கிடைத்தது என்று அறிய, அந்த வாரம் கடையின் சொந்த ஃபாலோயர் எண்ணிக்கை எவ்வளவு கூடியது என்று பாருங்கள்; அது மட்டும் இருவருக்கும் தனித்தனிதான்.