பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமும் ஏன் சமம்? ஒரு தாராவி மாவுக்கடைக் கணக்கு

மும்பை தாராவியில் ஓர் அக்கா இட்லி மாவுக்கடை போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் கடைக்கு ஒரு பேலன்ஸ் ஷீட்டை வரி வரியாகப் போட்டுப் பார்த்தால் விஷயம் பிடிபட்டுவிடும். நோட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம், கடையிடம் என்ன இருக்கிறது. அதுதான் சொத்து. வலப்பக்கம், அதெல்லாம் யார் கொடுத்த பணம். வெளியாள் கொடுத்தது பொறுப்பு, முதலாளி கொடுத்தது முதல்.

தொடங்கும் முன் ஒரு விதி. கடை வேறு, அக்கா வேறு. ஒரே ஆளாக இருந்தாலும் கணக்கில் இரண்டு பேர். இதை ஏற்காமல் மேலே போனால் எல்லாம் குழம்பும்.

படி 1: பணம் வருகிறது

ஏப்ரல் 1 அன்று அக்கா தன் சேமிப்பிலிருந்து 2,00,000 ரூபாய் போடுகிறார். வங்கிக் கடன் 1,00,000. இடப்பக்கம் ரொக்கம் 3,00,000. வலப்பக்கம் கடன் 1,00,000, முதல் 2,00,000.

படி 2: பணம் பொருளாகிறது

கிரைண்டருக்கும் ஃபிரிட்ஜுக்கும் 1,60,000 போகிறது. கடை டெபாசிட் 60,000. மிச்சம் ரொக்கம் 80,000. மொத்தம் அதே 3,00,000தான், வலப்பக்கத்தைத் தொடவே இல்லை. டெபாசிட்டைச் செலவில் எழுதாதீர்கள். காலி செய்யும்போது திரும்பி வர வேண்டிய பணம் அது, ஆகவே சொத்து.

படி 3: கடனுக்குச் சரக்கு

வாஷி மொத்தக் கடையிலிருந்து 30,000 ரூபாய்க்கு அரிசியும் உளுந்தும் வருகின்றன. பணம் அடுத்த மாதம். இடப்பக்கம் சரக்கு 30,000 ஏறுகிறது. வலப்பக்கம் கடைக்காரருக்குத் தர வேண்டியது 30,000 ஏறுகிறது. மொத்தம் 3,30,000.

படி 4: வியாபாரம்

பலரும் தடுமாறும் இடம் இது. ஏப்ரலில் மாவு விற்றது 75,000. அதில் 65,000 கைக்கு வந்தது, 10,000 ஒரு ஓட்டல் பாக்கி. அரைத்துத் தீர்ந்த சரக்கு 25,000. வாடகை, கரண்ட், சம்பளம் எல்லாம் 28,000. வட்டி 1,000. இயந்திரத் தேய்மானம் 2,000. லாபம் 19,000.

இந்த லாபத்தை வலப்பக்கம் எங்கே எழுதுவது? வங்கிக்குக் கடனும் வட்டியும் போக வேறு உரிமை இல்லை. வாஷிக்காரருக்கு அவர் பில் தொகை மட்டும். மிஞ்சுவது எல்லாம் அக்காவுக்கு. அதனால் லாபம் முதல் தொகையோடு கூடும், நஷ்டம் என்றால் முதல் தொகையிலிருந்துதான் கழியும். சமன்பாடு எப்போதும் ஒத்துப்போவதற்குக் காரணமே இதுதான்: சொத்தில் பொறுப்பு போக மிஞ்சுவதற்குத்தான் முதல் என்று பெயர். மாயம் எதுவும் இல்லை.

திருநெல்வேலி வீட்டுக்கு அக்கா 9,000 அனுப்புகிறார். இது கடைச் செலவு அல்ல, எடுப்பு. ரொக்கத்திலும் முதலிலும் கழிக்க வேண்டும். முதல் இப்போது 2,00,000 + 19,000 − 9,000 = 2,10,000.

ஏப்ரல் 30 அன்று

சொத்து: ரொக்கம் 1,07,000; ஓட்டல் பாக்கி 10,000; சரக்கு 5,000; இயந்திரங்கள் 1,58,000; டெபாசிட் 60,000. மொத்தம் 3,40,000.

பொறுப்பு: வங்கி 1,00,000, வாஷி 30,000. முதல்: 2,10,000. மொத்தம் 3,40,000.

நம் நாட்டுக் கம்பெனிகளின் பேலன்ஸ் ஷீட்டில் இரண்டு பக்கமாக இல்லாமல் மேலும் கீழுமாக இருக்கும். 2013 கம்பெனிச் சட்டத்தின் வழக்கமான படிவத்தில் முதலும் பொறுப்பும் மேலே, சொத்து கீழே; Ind AS என்ற கணக்குத் தரநிலையைப் பின்பற்றும் பெரிய கம்பெனிகளுக்குச் சொத்துதான் மேலே. பெரும்பாலும் மார்ச் 31 கணக்கு. உள்ளே நடப்பது இதேதான்.

சமமாகவில்லை என்றால்

எடுப்பைக் கழிப்பதற்குப் பதில் கூட்டிவிட்டால் முதல் 2,28,000 ஆகும். வித்தியாசம் 18,000. அதைப் பாதியாக்குங்கள், 9,000. அந்தத் தொகை நோட்டில் எங்கே இருக்கிறது என்று தேடினால் எடுப்பு வரியில் போய் நிற்பீர்கள். வித்தியாசம் 9ஆல் வகுபட்டால் 54ஐ 45 என்று எழுதியதுபோல இலக்கம் இடம் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 18,000 இரண்டுக்குமே பொருந்தும். முதலில் பாதியைத் தேடுவது என் வழக்கம்.

ஆனால் சமமாக வந்துவிட்டது என்பதாலேயே கணக்கு சரி என்று நம்பிவிடாதீர்கள். வாஷி பில்லையே எழுத மறந்து, சரக்கையும் விட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் குறையும், தாள் அழகாகச் சமமாகும். அதனால் மூட்டைகளை எண்ணிப் பாருங்கள், வங்கி பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள்.

இப்போது தாளைப் படிப்போம். படி 2 முடிந்தபோது இருந்த ரொக்கம் 80,000, இன்று 1,07,000. லாபமே 19,000, அதிலும் 9,000 வீட்டுக்குப் போய்விட்டது. பிறகு எப்படி 27,000 கூடியது? வாஷிக்காரருக்கு இன்னும் தராத 30,000 கல்லாவில் கிடக்கிறது, அதனால்தான். அதைக் கட்டியதும் 77,000தான் மிஞ்சும். கல்லாவை மட்டும் பார்த்து இரண்டாவது கிரைண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் மே மாதம் அரிசிக்கு இழுபறியாகும்.