போட்டோ மேல் தமிழ் எழுத்து: புள்ளியை விழுங்கும் தவறுகள்

எங்கள் கடையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பையன்கள் போன வாரம் ஒரு வளைகாப்பு பேனர் செய்தார்கள். பின்னணி முழுக்க மல்லிகைப்பூ குவிந்து கிடக்கிற போட்டோ, அதன்மேல் வெள்ளை எழுத்து. எழுத்து எடுபடவில்லை என்றதும் ஒருவன் கறுப்பு அவுட்லைனைத் தடிமனாக்கினான். அப்புறமும் எடுபடவில்லை. இன்னும் தடிமனாக்கினான். பின்னால் நின்று பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வேலையை நானும் செய்து, கைக்காசு போட்டு மறுபடி அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இருட்டுப் படத்தில் கறுப்பு எழுத்து போடக் கூடாது என்பதெல்லாம் யாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எழுத்தைத் தின்னும் அவுட்லைன்

ஒரு பாட்டியின் 80-வது பிறந்தநாளுக்கு 10 அடிக்கு 6 அடி ஃப்ளெக்ஸ். வேப்ப மரத்தடியில் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம், மேலே இலை இடுக்கெல்லாம் வெயில் பொட்டுப் பொட்டாக. அந்த இலைகளின் மேல்தான் ‘எங்கள் பாட்டிக்கு வயது 80’ என்று வெள்ளையில் எழுத வேண்டும். இலையோடு எழுத்து கலந்துபோனது. சுற்றிலும் 12 மில்லிமீட்டருக்குக் கறுப்பு அவுட்லைன் கொடுத்தேன். மானிட்டரில் கும்மென்று தெரிந்தது. அனுப்பிவிட்டேன்.

மண்டபத்து வாசலில் கட்டிய பிறகு ஒரு பெரியவர் கூப்பிட்டார். “தம்பி, பாட்டியப் பாடச் சொல்றீங்களா?” நிமிர்ந்து பார்த்தேன். தெருவிலிருந்து பார்த்தால் ‘பாடடிககு’ என்றுதான் இருந்தது.

நடந்தது இதுதான். கோரல் டிராவிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் அவுட்லைன் சாதாரணமாக எழுத்தின் விளிம்பை நடுவில் வைத்து உட்காரும். 12 மில்லிமீட்டர் கொடுத்தால் 6 வெளியே போகும், 6 எழுத்துக்குள் வரும். என் எழுத்தின் கோடு 20 மில்லிமீட்டர் தடிமன். இரண்டு பக்கமும் ஆறாறு போனால் மிச்சம் 8. புள்ளியின் விட்டம் 22. அதில் மிச்சம் 10.

தடிமனை மட்டும் பார்த்தால் கோட்டைவிடப் புள்ளிக்குத்தான் சேதம் குறைவு. ஆனால் கோடு மெலிந்தாலும் நீளமாக ஓடுகிறது, கண் அதைப் பிடித்துக்கொண்டு போய்விடும். புள்ளிக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் அதே அளவில் நூறு வெயில் பொட்டு மின்னும்போது, நம் பத்து மில்லிமீட்டர் பொட்டு நூற்றியோராவது பொட்டு, அவ்வளவுதான். ஓலைச்சுவடியில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிக்கிறவர்கள் இடம் பார்த்துப் புரிந்துகொண்டார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் அந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது.

இதில் எனக்கு இன்றும் எரிச்சல் வருவதற்குக் காரணம், தீர்வு ஒரே ஒரு டிக். கோரல் டிராவில் Outline Pen திறந்தால் Behind fill என்று இருக்கிறது. அதைப் போட்டால் அவுட்லைன் எழுத்துக்குப் பின்னால் போய்விடும். பாதி மறைந்துவிடும் என்பதால், வெளியே 6 மில்லிமீட்டர் தெரிய வேண்டுமானால் 12 கொடுக்க வேண்டும். போட்டோஷாப்பில் Stroke திறந்து Position என்ற இடத்தில் Outside இருக்கிறதா என்று பாருங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் Appearance பேனலில் புதிதாக ஒரு Stroke சேர்த்து, அதை Characters என்ற வரிக்குக் கீழே இழுத்துவிட வேண்டும்.

அப்படிச் செய்தாலும் ஓர் எல்லை உண்டு. வெளியே போகிற அவுட்லைன் புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இடத்தை நிரப்பும், ண, ஞ சுழிகளுக்குள்ளும் நுழையும். எழுத்துக் கோட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நான் போவதில்லை. அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் கோளாறு படத்தில் இருக்கிறது.

படத்தின் பொட்டும் எழுத்தின் புள்ளியும் ஒரே அளவு

மல்லிகை பேனரில் அதுதான் கோளாறு. ஒவ்வொரு மொட்டும் கிட்டத்தட்டப் புள்ளியின் அளவு. சில மொட்டுகள் சரியாக எழுத்தின் தலைக்கு மேல் வந்து, இல்லாத இடத்தில் புள்ளி வைத்தன. ‘வளைகாப்பு’ என்பதில் ‘ள’ மேல் ஒரு மொட்டு உட்கார்ந்திருந்தது! பெரிய மேகமோ, சுவரின் அகலமான நிழலோ இந்தத் தொந்தரவு தராது. மணல், கிரானைட், இலை, சீரியல் லைட், கூட்டத்தின் தலைகள், இவைதான் தரும்.

இதற்கு மருந்து மங்கலாக்குவது. எழுத்து வரும் பகுதியை மட்டும் தேர்ந்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, Gaussian Blur கொடுங்கள். புள்ளியின் விட்டத்தில் பாதியை ரேடியஸாக வைத்துத் தொடங்கி, மொட்டுகள் தனித்தனியாகத் தெரியாமல் போகும்வரை ஏற்றுங்கள். பையன்கள் படம் முழுவதையும் மங்கலாக்கப் போனார்கள். வேண்டாம், கீழே கிடக்கிற பூ தெளிவாகவே இருக்கட்டும்.

கறுப்புத் திரையைக் கண்மதிப்பில் போடுவது

மங்கலாக்கினால் பொட்டு போகும், வெளிச்சம் போகாது. அதற்கு எழுத்துக்கு அடியில் ஒரு கறுப்பு லேயர் வேண்டும். பெரும்பாலும் பயந்து பயந்து 20 சதவீதம் போடுகிறார்கள்.

கணக்கு எளிது. வெப்பக்கங்களுக்கான WCAG விதி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வித்தியாசம் கேட்கிறது. பெரிய எழுத்துக்கு 3 போதும் என்கிறது. புள்ளி பெரிய எழுத்து இல்லை என்பதால் நான் 4.5-ஐயே பிடித்துக்கொள்கிறேன். வெள்ளை எழுத்துக்கு அடியில் இருப்பது சாம்பல் என்றால், 0 முதல் 255 வரையிலான அளவில் அது 118-ஐத் தாண்டக் கூடாது.

வளைகாப்பு பேனரில் மங்கலாக்கும் முன் மொட்டுகள் 255 காட்டின. அப்படியே திரை போட்டிருந்தால் 54 சதவீதம் தேவைப்பட்டிருக்கும், பூவே இருண்டிருக்கும். மங்கலாக்கிய பிறகு Info பேனலில் பார்த்தால் ஆக வெளிச்சமான இடம் 190. 40 சதவீதக் கறுப்பு போட்டதும் 114-க்கு இறங்கியது. சராசரியைப் பார்க்காதீர்கள், ஆக வெளிச்சமான இடத்தைப் பாருங்கள். எழுத்து தொலைவது அங்கேதான்.

தள்ளி விழும் நிழல்

Drop Shadow-வில் Distance அதிகமானால் ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இன்னொரு புள்ளி முளைக்கும். Distance பூஜ்ஜியம், Size தாராளம். அதற்குப் பதில் Outer Glow போட்டால் Blend Mode-ஐ Multiply ஆக்குங்கள். முதலில் அது Screen-இல் இருக்கும், அதில் கறுப்பு தெரியவே தெரியாது.

சாய்வெழுத்து

போட்டோ மேல் வேண்டாம்.

நெருக்கிய வரிகள்

மேல்வரி ‘பூ’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும். இடைவெளி விடுங்கள்.

படித்துப் பார்த்துச் சரி சொல்வது

என்ன எழுதினோம் என்று நமக்குத் தெரியும், அதனால் இல்லாத புள்ளியையும் படித்துவிடுவோம். எனவே படிக்காமல் எண்ணுங்கள். ‘எங்கள் பாட்டிக்கு வயது 80’ என்பதில் ங், ள், ட், க் என நான்கு புள்ளி. டிசைனைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கி, வாசகம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, புள்ளி எத்தனை என்று கேளுங்கள். வளைகாப்பு பேனரை டீ கொண்டுவந்த பையனிடம் காட்டினோம். வாசகத்தில் ஆறு புள்ளி. அவன் ஏழு என்றான். ‘ள’வுக்கு மேல் இன்னும் ஒரு மொட்டு மிச்சம் இருந்தது.