கன்ஃபியூஷன் மேட்ரிக்ஸ்: முதலில் ஓரத்தைப் பாருங்கள்

மாடலின் கணிப்பையும் நிஜத்தையும் ஒப்பிடும் இந்தக் கட்டத்தைப் பார்த்ததும் கணக்கில் இறங்காதீர்கள். வரிசை நிஜமா, கணிப்பா என்று முதலில் பாருங்கள். பல பாடப்புத்தகங்களில் இடது மேல் மூலை TP, அதாவது சரியாகச் சொன்ன ‘ஆம்’; scikit-learn என்ற பைதான் நூலகத்தில் 0, 1 என்ற வகைகளுக்கு அதே மூலை TN, அதாவது சரியாகச் சொன்ன ‘இல்லை’. மதிப்பெண் போவது பெரும்பாலும் இங்கேதான்.

1000 பேருக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை என்று வையுங்கள். TP 40, தவறவிட்ட நோயாளிகள் அதாவது FN 10, நோயில்லாமலே ‘நோய்’ எனப்பட்டவர்கள் அதாவது FP 60, TN 890. மாடல் ‘நோய்’ என்றது 100 பேரை. அதில் 40 சரி, பிரிசிஷன் 40%. நிஜ நோயாளிகள் 50 பேர். அதில் 40 பேர் சிக்கினார்கள், ரீகால் 80%. மொத்தத்தில் எவ்வளவு சரி என்று சொல்லும் அக்யூரசி 93% என்று மினுக்கும், மயங்க வேண்டாம். எல்லோருக்கும் ‘நோயில்லை’ என்றாலே 95% வந்துவிடும்!

எதைத் தேர்வது? எந்தத் தவறு அதிகம் வலிக்கும் என்று கேளுங்கள். விட்டுப்போன நோயாளி என்றால் ரீகால். முக்கியமான மெயில் ஸ்பாமுக்குள் போய்விடும் என்றால் பிரிசிஷன்.